கண்ணாடித் தட்டு பிராக்கெட் ஓரத்தில் ஏன் விரிசல் விடுகிறது?

குளியலறையில் மாட்டிய கண்ணாடித் தட்டு, மேலே எதுவும் விழாமலேயே ஒருநாள் விரிசல் விட்டுவிடும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால், பிராக்கெட் கவ்வியிருக்கும் ஓரத்தில் போய் முடிவதைப் பலமுறை பார்க்கலாம். பாரத்தின் மேல் பழி போடுவோம். ஆனால் 600 மி.மீ. நீளமும் 150 மி.மீ. அகலமும் 8 மி.மீ. கனமும் உள்ள தட்டின் எடையே 1.8 கிலோதான்.

உலோகம் ஒரு புள்ளியில் அழுந்தினால் சற்று நசுங்கி, அழுத்தத்தைப் பரவ விட்டுவிடும். கண்ணாடி நசுங்காது. வெட்டிய ஓரத்தில் இருக்கும் நுண்ணிய சில்லில் அந்த அழுத்தம் மொத்தமும் குவியும். ஈரமும் சேர்ந்தால் சாதாரணக் கண்ணாடியில் அந்தக் கீறல் மெல்ல மெல்ல வளரும். மாட்டிய அன்று நன்றாக இருந்த தட்டு பல நாள் கழித்து விரிசல் விடுவது இதனால்தான்.

ஆகவே பிராக்கெட் வாங்கும்போதே அதன் வாயை அளந்து வாங்குங்கள். 8 மி.மீ. கண்ணாடிக்கு மேலும் கீழும் 2 மி.மீ. ரப்பர் வைத்தால் 12 மி.மீ. வாய் வேண்டும். 10 மி.மீ. வாயுள்ளதை வாங்கிவிட்டு, கண்ணாடி நுழையவில்லையென்று மேல் ரப்பரைக் கழற்றிவிடுகிறார்கள். அப்புறம் திருகின் முனை நேராகக் கண்ணாடியைக் குத்தும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைப்பதும் உதவாது. மெல்லியது, சீக்கிரம் நைந்துவிடும். நியோபிரீன் அல்லது ஈபிடிஎம் ரப்பர் நல்லது. பிராக்கெட் வாயின் உள்பக்கச் சுவரிலும், கண்ணாடியின் பின் ஓரம் முட்டும் இடத்தில், ஒரு துண்டு ஒட்டவேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். டைலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.

இந்த அளவுத் தட்டுக்கு இரு முனையிலிருந்தும் சுமார் 120 மி.மீ. உள்ளே தள்ளி பிராக்கெட்டுகளைப் பொருத்தினால் வளைவு சீராகப் பகிரப்படும். ஸ்பிரிட் லெவலைச் சுவரை ஒட்டி மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. டைல் மேடுபள்ளமாக இருந்தால் பின்பக்கம் மட்டமாகவும், ஒரு பிராக்கெட்டின் மூக்கு மட்டும் தாழ்ந்தும் இருக்கும். திருகை முடுக்காமல் கண்ணாடியைச் சும்மா வைத்து, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். ஆடினால், ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். எளிதாக உள்ளே போகும் இடத்தில்தான் கண்ணாடி ரப்பரில் உட்காராமல் தூக்கி நிற்கிறது. அதைத் திருகை முடுக்கிச் சரிசெய்யவே கூடாது. முடுக்கினால் ஆட்டம் நிற்கும், கண்ணாடி முறுக்கிய நிலையிலேயே நிற்கும். பிராக்கெட்டைச் சற்றுத் தளர்த்தி, அதன் அடித்தகட்டின் கீழ் ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தகடு சொருகி மூக்கை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஆட்டம் நின்ற பிறகு திருகை விரலால் நிற்கும்வரை சுற்றி, ஆலன் கீயால் கால் சுற்று கொடுத்தால் போதும். ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கினால் அதிகமாகிவிட்டது, தளர்த்திவிடுங்கள்.

சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து வலுவாக்கிய டஃபன்ட் கண்ணாடி இந்த அழுத்தத்தை அதிகம் தாங்கும். ஆனால் அது உடைந்தால் கோடு விழாது, ஒரே நொடியில் முழுத் தட்டும் சிறு துண்டுகளாகச் சிதறும். ஓரத்தில் சில்லு பெயர்ந்த தட்டு எந்த வகையானாலும் மாட்டாதீர்கள். டஃபன்ட்டை அப்புறம் வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால், அளவைப் பட்டறைக்குத் தருமுன் ரப்பரின் கனத்தையும் சுவரோர இடைவெளியையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.