ரைசர்: ஏறும் குழாயா, ஏறும் இடமா?

கட்டட வேலையில் காலை முதல் மாலை வரை காதில் விழும் சொல் ரைசர். இதற்கு ஒரே தமிழ்ச் சொல் தேடினால் சிக்கல்தான். இந்த ஒரு சொல்லுக்குள் நான்கு பொருள்கள் இருக்கின்றன.

எழுதல், மேலே ஏறுதல் என்று பொருள்படும் ரைஸ் என்ற ஆங்கில வினையிலிருந்து வந்தது இது. படிக்கட்டு கட்டும் கொத்தனாருக்கு ரைசர் என்றால் படியின் செங்குத்து முகம். பிளம்பருக்கு மாடிகளின் ஊடே மேலே ஏறும் தண்ணீர்க் குழாய். மின்சாரக்காரர்களுக்குத் தரைத்தளத்திலிருந்து மேலே போகும் கேபிள் அல்லது மின்சாரத்தைக் கொண்டுபோகும் உலோகப் பெட்டியான பஸ்டக்ட். அதோடு, இவையெல்லாம் மேலே போக விட்டிருக்கும் செங்குத்து இடமான ஷாஃப்டையும் ரைசர் என்றே சொல்லிவிடுகிறார்கள். படி விஷயத்தில் குழப்பம் வராது. குழாயையும் அது போகும் இடத்தையும் ஒரே பெயரில் அழைப்பதுதான் ஆபத்து.

நான் இருந்த ஒரு வடிவமைப்பு ஒருங்கிணைப்புக் கூட்டத்தைச் சொல்கிறேன். குடியிருப்புக் கட்டடம். ஷாஃப்ட் 1800 மி.மீ. அகலம், 600 ஆழம். மின்சாரம், பிளம்பிங் இரண்டும் அதையே நம்பி வரைந்திருந்தன. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி மின்கேபிள் போகும் டக்டில் தண்ணீர்க் குழாய் வரக் கூடாது. அதனால் நடுவே நாலரை இஞ்சுச் சுவர் ஒன்று எழுப்புவது என்று முடிவானது. அது 115 மி.மீ. மின்சாரத்துக்கு 900 தேவை: பஸ்டக்ட் 250, கேபிள் ட்ரே 300, மீதி இடைவெளி. பிளம்பிங்குக்கு மிஞ்சியது 785.

பிளம்பிங்கில் ஐந்து குழாய்கள். கழிவறைக் கழிவுக்கு 110, குளியலறைக் கழிவுக்கு 110, காற்று போகும் வென்ட் குழாய் 75, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய் 50, தொட்டியிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் குழாய் 50. கூட்டினால் 395. வரிசையாக நிறுத்தினால் இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஆறு இடைவெளி; சாக்கெட்டுக்கும் கிளாம்புக்கும் கை போகவும் ஒவ்வொன்றும் 75 வைத்தால் 450. ஆக 845. 60 மி.மீ. இடிக்கிறது. தொட்டிக்கு ஏற்றும் குழாயை மட்டும் படிக்கட்டுப் பக்கத்து ஷாஃப்டுக்கு மாற்றினால் 720-இல் அடங்கிவிடும். எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டது ஒரே வரி: ‘பிளம்பிங் ரைசர் படிக்கட்டு ஷாஃப்டுக்கு மாற்றப்படும்.’

பிளம்பிங் தரப்பு ஒரு குழாயை மாற்றியது. கூட்டத்துக்கு வராத மின்சார வரைபடக்காரர் அந்த வரியைப் படித்து, பிளம்பிங் முழுவதுமே போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார். சுவரை நீக்கி, ட்ரேயை 1800 முழுவதற்கும் பரப்பிவிட்டார். ஸ்லாபில் விடவேண்டிய கட்-அவுட் வரைபடத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது, ட்ரே நின்ற அதே இடத்தில் கழிவுக் குழாய்க்கான வட்டங்களும் இருந்தன. கான்கிரீட் போடும் முன் கண்டுபிடித்தது எங்கள் நல்ல நேரம். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வரிக்கு அப்படியும் பொருள் உண்டு.

இத்தனைக்கும் அந்த ஐந்து குழாய்களில் உண்மையில் மேலே ஏறுவது ஒன்றே ஒன்றுதான். கழிவும் வீட்டுத் தண்ணீரும் கீழே இறங்குகின்றன; வென்டில் காற்றுதான் இருக்கிறது. சொல்லின் வேரைப் பார்த்தால் பிளம்பர் புரிந்துகொண்டதே சரி.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘உயர்த்தி’ என்ற நேர்பெயர்ப்பு வேண்டாம். கேட்பவருக்கு லிஃப்ட்தான் நினைவுக்கு வரும். தண்ணீர் ஏறும் குழாய்க்கு ஏற்றுக்குழாய். அப்போது தொட்டியிலிருந்து இறங்கும் டவுன்டேக்குக்கு இறக்குக்குழாய் தானாகவே ஜோடியாக அமைகிறது. ஷாஃப்டுக்குச் செங்குத்துத் தடம். மின்தடம், குழாய்த்தடம் என்று அதைப் பிரித்தும் சொல்லலாம். படியில் வரும் ரைசருக்குப் படிமுகம். தளத்தில் ஷாஃப்ட் என்றே பேசினாலும் பரவாயில்லை, குழாயையும் அதே பெயரால் கூப்பிடாத வரையில்.

மினிட்ஸ் என்பதற்கு நான் மேலே எழுதிய கூட்டக் குறிப்பு பொருத்தமானது. சிறியது எனப் பொருள்படும் லத்தீன் மினூட்டாவிலிருந்து வந்த சொல் மினிட்ஸ். சுருக்கமாக எழுதி வைத்த முதற்படி என்ற கருத்து. இலங்கையில் கூட்டறிக்கை என்கிறார்கள். தமிழ்நாட்டில் அது பலர் சேர்ந்து விடும் அறிக்கையைக் குறிக்கும் என்பதால் நான் அதை எடுக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்த வரியை இப்படித் திருத்தினோம்: ‘50 மி.மீ. ஏற்றுக்குழாய் மட்டும் படிக்கட்டுப் பக்கத்துத் தடத்துக்கு மாறும். மற்ற நான்கு குழாய்களும் இப்போதுள்ள தடத்திலேயே, 785 மி.மீ. அகலத்துக்குள் நிற்கும். நடுச்சுவர் 115 மி.மீ. எல்லாத் தளத்திலும் உண்டு.’