எண்ணெய் எதையும் பெரிதாக்காது

இந்த முறையும் திருகோணமலையில் செய்முறைப் பரீட்சை முடித்து எழும்பியபோது எனக்குத் தலையிடிதான். நுணுக்குக்காட்டியின் நூறு மடங்குப் பொருள்வில்லைக்கு எண்ணெய் ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டால், வரிசையாக வந்த பிள்ளைகள் எல்லாம் "பெரிசாத் தெரியும், சேர்" என்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே குறிப்புக் கொப்பி போல.

பிள்ளைகளே, பெருக்குவது வில்லைகள். பார்வைத்துண்டு 10, பொருள்வில்லை 100 என்றால், பெருக்கி வருவது 1000 மடங்கு. அந்தக் கணக்கில் எண்ணெய்க்கு இடமே இல்லை. எண்ணெய் கூட்டுவது பிரிவலுவை, அதாவது நெருங்கிக் கிடக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் திறனை. வழுக்கிக் கண்ணாடியை விட்டுக் காற்றுக்குள் வரும் ஒளி வெளிப்பக்கமாக வளையும். சாய்ந்து வரும் கதிர்கள் அப்படியே வில்லைக்குத் தப்பிப் போய்விடும். எண்ணெயின் முறிவுச் சுட்டியும் கண்ணாடியினுடையதும் ஏறத்தாழ 1.5 என்பதால், இடையில் எண்ணெய் இருந்தால் அந்தக் கதிர்களும் உள்ளே வந்து சேரும். அப்படியிருந்தும், நாங்கள் பாவிக்கும் ஒளி நுணுக்குக்காட்டிக்கு சுமார் 0.2 மைக்குரோமீற்றர்தான் எல்லை. பார்வைத்துண்டை 20 ஆக்கினால் 2000 மடங்கு வரும், புதிதாக ஒன்றும் தெரியாது. வாட்சப்பில் வந்த சின்னப் படத்தை விரலால் விரித்துப் பார்க்கிற மாதிரி, மங்கல்தான் பெரிதாகும்.

சரி, வாயால் எப்படிச் சொல்வது? "எண்ணெயும் கண்ணாடியும் ஒளியை ஒரே மாதிரி முறிக்கும், சேர். அதனால் கூடுதல் கதிர்கள் வில்லைக்குள் வரும், பிரிவலு கூடும்." இதோடு நிறுத்துங்கள். பாடமாக்கிய பந்தி முழுவதையும் ஒப்புவித்தால், அதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்போம். எப்படியும் ஒரு கேள்வி வரும்: "அப்போ நாற்பதுக்கும் விடலாமே?" அதற்கும் பதில் தயாராக இருக்கட்டும்: "இல்லை சேர், அது உலர் வில்லை. காற்றுக்கென்று செய்தது, எண்ணெய் பட்டால் படம் மங்கும்." ஒவ்வொரு பதிலுக்கும் "ஏன்" என்று கேட்க வீட்டில் தங்கச்சியையாவது எதிரே இருத்துங்கள்.

இன்னொன்று. "இப்போது உருப்பெருக்கம் எவ்வளவு?" என்று கேட்டால், பதில் சொல்லமுன் குனிந்து பாருங்கள். நாற்பது வில்லை பூட்டியிருக்க "ஆயிரம்" என்று சொன்னவர்கள் உண்டு. பார்வைத்துண்டிலும் பொருள்வில்லையிலும் எழுதியிருப்பதைத்தானே பெருக்க வேண்டும்?

தயவுசெய்து லேஞ்சியால் வில்லையைத் துடைக்காதீர்கள். நூலில் ஒட்டிய மணல் துகள் கீறிவிடும். கடற்கரை ஊர் வேறு. வில்லைத் தாளால் மெதுவாக ஒற்றி எடுங்கள். எண்ணெயை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போகிறவரிடம் நான் கேள்வி கேட்பதில்லை, புள்ளியைத்தான் குறைப்பேன்.