கலோரியும் அமுச்சியின் சூடும்

“அதிக வெப்பமுள்ள நீர்ம உணவு கொடுக்கவும்.” தாடை எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என் மாமா பையனின் கையில் இருந்த சீட்டில் இப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். இதே வாசகத்தைக் கொஞ்சம் மாற்றி மாற்றி வேறு இரண்டு இடங்களிலும் பார்த்துவிட்டேன். மூன்றாவது முறை பார்த்தபோதுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அந்தச் சீட்டு சொல்ல வந்தது, கலோரி அதிகமுள்ள திரவ உணவு. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நாலு வாரத்துக்கு மெல்லவே முடியாது, பல்லிடுக்கில் உறிஞ்சிக் குடிப்பதுதான் சாப்பாடு. இப்படி இருப்பவர்களுக்கு மளமளவென எடை இறங்கும் என்பதால், குடிப்பதில் தெம்பு கூடுதலாக இருக்கட்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அதை யாரோ ‘வெப்பம்’ ஆக்கிவிட்டார்கள்.

பெருந்துறைப் பக்கத்துக் கிராமம் அது. அம்மாவின் அம்மாவை அங்கே அமுச்சி என்போம். சீட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்ட அமுச்சிக்கு முகம் சுருங்கிப்போனது. “வாயெல்லாம் புண்ணா இருக்குது, சூட்டுப் பண்டத்தக் குடுக்கச் சொல்றாங்களே, புண்ணு எப்படி சாமி ஆறும்?” போதாக்குறைக்கு, தையல் இருப்பதால் எதையும் சூடாகக் கொடுக்க வேண்டாம் என்று நர்ஸ் வேறு வாய்விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார். சீட்டு ஒன்று சொல்கிறது, நர்ஸ் ஒன்று சொல்கிறார் என்றதும் அமுச்சி தன் புத்தியையே நம்பினார். இளநீர், காய் வேகவைத்து வடித்த சூப், தண்ணியாய்க் காய்ச்சிய அரிசிக் கஞ்சி, பாதிக்குப் பாதி தண்ணீர் விட்ட பால். எல்லாம் குளிர்ச்சி, எல்லாம் ஆறவைத்து. பத்து நாளில் பையன் இரண்டரைக் கிலோ இறங்கிவிட்டான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘கலோர்’ என்றால் வெப்பம். 1820களில் பிரெஞ்சு வேதியியலாளர் நிக்கொலா கிளெமான், நீராவி எஞ்சின் கணக்குக்காக இந்த அலகைப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தார். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு வேண்டுமோ அது ஒரு கலோரி. பின்னால் வந்தவர்கள் ஒரு கிராம் தண்ணீருக்கும் அதே பெயரை வைத்துவிட்டதால் சின்னக் கலோரி, பெரிய கலோரி என்று இரண்டாகிப்போனது. டாக்டரும் நாமும் சாப்பாட்டுக்குச் சொல்லும் கலோரி பெரியது. பிஸ்கட் பாக்கெட்டில் கிலோ கலோரி என்று போட்டிருப்பதும் அதுவேதான். ஆக, பிறப்பில் வெப்பம் இருப்பது உண்மை. ஆனால் சோற்றுக்கு வந்து சேர்ந்தபோது அது உடம்பு எரித்துச் செலவழிக்கக்கூடிய ஆற்றலின் அளவு ஆகிவிட்டது. உண்பவனுக்கு அதனால் மேல் சுடாது.

கோபியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். “கலோரியை வெப்ப அலகு என்பதில் என்ன குறை? மூலச் சொல்லின் பொருளே அதுதானே” என்று சண்டைக்கு வருவார். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். முதலாவது, ‘வெப்ப அலகு’ எந்த அலகையும் குறிக்கவில்லை. ஜூலும் வெப்ப அலகுதான், ஏ.சி. வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் பி.டி.யு.வும் வெப்ப அலகுதான். மீட்டரை ‘நீள அலகு’ என்று எழுதினால் துணிக்கடையில் எதைக் கிழித்துக் கொடுப்பார்கள்? முழமா, கஜமா? அவர் உடனே ‘கனலி’ என்றார். ஒரே சொல், அழகாகவும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கனலி என்றால் பழந்தமிழில் சூரியன். ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு சூரியனைக் குடி என்று நோயாளிக்கு எழுதிக்கொடுப்பதா ஐயா என்றேன். சிரித்தார், விட்டுக்கொடுக்கவில்லை. தூய்மை வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் பகை இல்லை. நானும் ‘ஸ்பெஷலிஸ்ட்’டைக் கண்டால் பல்லைக் கடிப்பவன்தான். ஆனால் கிராம், லிட்டர், மீட்டர் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு கலோரியை மட்டும் நாடு கடத்துவதில் என்ன நியாயம் இருக்கிறது?

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரியது. தமிழில் உணவோடு ‘வெப்பம்’ சேர்ந்தால் அந்த இடம் ஏற்கெனவே ஆள் அமர்ந்த இடம். சூடு, குளிர்ச்சி என்று நம் வீடுகளில் ஒரு முழுக் கணக்கே ஓடுகிறது. அதற்கும் கலோரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கொள்ளு சூடு என்கிறோம். ஆனால் தெளிவாக இறுத்த கொள்ளு ரசம் ஒரு டம்ளரில் முப்பது, நாற்பது கலோரி தேறினால் அதிகம். கம்பங்கூழ் குளிர்ச்சி. ஆனால் கம்பு 100 கிராமில் அரிசி அளவுக்கே, சுமார் 350 கலோரி இருக்கிறது. நெய்யைக் குளிர்ச்சி என்று உச்சந்தலையில்கூட வைக்கிறார்கள். அதுவோ 100 கிராமுக்கு ஏறத்தாழ 900 கலோரி, சமையலறையில் அதை மிஞ்ச எண்ணெய் தவிர வேறொன்றும் இல்லை. ‘அதிக வெப்பம்’ என்று எழுதுகிறவர் இந்தக் கணக்கைத் தெரியாமல் கிளறிவிடுகிறார். அமுச்சி தப்பாகப் படிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழில் அந்த வாசகத்துக்கு அதுதான் பொருள்.

அவர் கொடுத்ததைக் கலோரியில் எண்ணிப் பார்த்தேன். எல்லாம் 200 மில்லி டம்ளர். வடித்த காய் சூப் டம்ளருக்கு 25 என்று மூன்று டம்ளர் 75. அரிசிக் கஞ்சியில் டம்ளருக்கு 20 கிராம் அரிசிதான், அதாவது 70, மூன்றுக்கு 210. நீல பாக்கெட் பாலில் பாதி தண்ணீர், ஒரு ஸ்பூன் சர்க்கரை, டம்ளருக்கு 78, இரண்டுக்கு 156. இளநீர் ஒன்று, 40. ஒன்பது டம்ளர் குடித்து வயிறு திம்மென்று நிற்கிறது, கூட்டினால் 481 கலோரி. பையன் 62 கிலோ. அவன் நிலையில் கிலோவுக்கு 30 கலோரி வேண்டும் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1860. கிடைத்ததோ அதில் கால் பங்கு. தண்ணீருக்குக் கலோரி கிடையாது, ஆனால் வயிற்றை அடைக்கும். திரவ உணவில் ஆள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். “நல்லாத்தானே குடிக்கிறான்” என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எடை மெஷினில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது.

பிறகு செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டம்ளரைக் கூட்டாமல் டம்ளருக்குள் இருப்பதைக் கூட்டினோம். தண்ணீர் கலக்காத ஆரஞ்சு பாக்கெட் பால் 176 கலோரி, அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் பத்து கிராம் பால் பவுடரும் போட்டால் 250ஐத் தொடும். அது நாலு வேளை. காய் சூப்புக்குப் பதில் பாசிப்பருப்பும் ஒரு கை அரிசியும் குழைய வேகவைத்து, மிக்ஸியில் அடித்து, டீ வடிகட்டியில் வடித்து, மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய். அது ஒரு 230.

ராகிதான் முதலில் வம்பு செய்தது. முப்பது கிராம் மாவு போட்டுக் காய்ச்சினால் ஆறுவதற்குள் களி மாதிரி இறுகிவிடும், பல்லிடுக்கில் ஏறாது. இளக்கினால் மறுபடி தண்ணிக் கஞ்சி. வழி அமுச்சியிடமே இருந்தது. ராகியை ஊறவைத்து, துணியில் முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்து அரைத்த மாவு. முளைக்கும்போது ஊறும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. வறுப்பது முறுகினால் அந்த நொதி போய்விடும், சூடு காட்டி எடுத்தால் போதும். அதே முப்பது கிராம் இப்போது கஞ்சியாகவே ஓடியது. கரண்டியைத் தூக்கினால் நூலாக வழிந்தது, கட்டியாக விழவில்லை. பாதி பால், கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை, ஒரு ஸ்பூன் நெய் சேர்த்து டம்ளருக்கு 265. அது இரண்டு வேளை. இளநீரையும் அமுச்சி விடவில்லை. எட்டு டம்ளரில் 1800 வந்துவிட்டது. (சர்க்கரை வியாதிக்காரருக்கு இந்தக் கணக்கு ஆகாது. குடல், இரைப்பை அறுவை செய்தவர்களுக்கு முதல் சில நாட்கள் டாக்டர் சொல்லும் தெளிந்த நீர் மட்டும்தான். அங்கே நம் கெட்டிக்காரத்தனம் கூடாது.)

கலோரி மட்டுமா? ‘திரவ உணவு’ என்பதை ‘நீராகாரம்’ என்று ஒரு சீட்டில் பார்த்தேன். எங்கள் பக்கம் நீராகாரம் என்றால் பழைய சோத்துத் தண்ணி. உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்பது. அறுவை முடிந்தவனுக்கு அதைக் கரைத்துக் கொடுத்தால் யார் குற்றம்? இன்னொன்று ‘முழு திரவ உணவு’. பால், கஞ்சி, அடித்த சூப் எல்லாம் சேர்ந்தது என்பது அதன் பொருள். ஆனால் ‘முழுக்க முழுக்கத் தண்ணீர்’ என்றுதான் படிக்கிறவர் காதில் விழும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், அடுப்படியை எட்டிப் பார்ப்பதில்லை. எழுதியதை வார்டில் இருக்கும் ஒரு ஆயாவிடம் படித்துக் காட்டியிருந்தால் அவரே திருத்தியிருப்பார்.

என்னைக் கேட்டால், அளவுக்குக் கலோரி. அளவு சொல்லாத இடத்தில் ஆற்றல் அல்லது தெம்பு. ‘சத்து’ கூட வேண்டாம். புரதத்தையும் சத்து என்கிறோம், இரும்பையும் சத்து என்கிறோம், கீரைச் சூப்பில் சத்து உண்டு, கலோரி சொற்பம். திரவ உணவுக்குக் ‘குடிக்கும் உணவு’ போதும். அந்தச் சீட்டை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதுவேன்: “மெல்லாமல் குடிக்கும் உணவு மட்டும். ஒரு நாளைக்கு 1800 கலோரி சேர வேண்டும். பாலில் தண்ணீர் கலக்க வேண்டாம். வெதுவெதுப்பாகக் கொடுக்கவும்.” நாலு வரி.

பிறமொழிச் சொல் கிராமத்தில் புரியாது என்று தமிழாசிரியர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அமுச்சி அதை மூன்று நாளில் ‘கலூரி’ ஆக்கிக்கொண்டார். சாயங்காலம் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து, “ஏங் கண்ணு, இதுல எத்தன கலூரி வருது, இன்னொரு கரண்டி நெய் உட்டுரட்டுமா?” என்று கேட்டார்.