சஹர் நேரத்து இன்சுலின்: ரமலானில் அளவை மாற்றுவது எப்படி?

ரமலான் மாதத்தில் பிற்பகலில் மயக்க நிலையில் அழைத்து வரப்படும் நோன்பாளிகள் பலர் ஒரே தவற்றைச் செய்திருப்பார்கள். வழக்கமான காலை இன்சுலினை அப்படியே சஹர் உணவோடு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

கடை நடத்தும் 58 வயதுக்காரர் ஒருவர் 30/70 கலவை இன்சுலினைக் காலையில் 30 யூனிட், இரவில் 20 யூனிட் போட்டுவந்தார். நோன்பு தொடங்கியதும் அந்த 30 யூனிட் சஹருக்குப் போனது. இந்த மருந்தில் 70 சதவீதம் மெதுவாக வேலை செய்யும் பகுதி. போட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் அதன் வேகம் கூடும், பிற்பகல் வரை நீடிக்கும். அதற்கு ஈடுகொடுக்க மதிய உணவு இல்லை. லுஹர் தொழுகைக்குப் பின் கை நடுங்கி, வியர்த்து, சில்லறை எண்ணுவதில் தடுமாறியிருக்கிறார். நோன்புக் களைப்பு என்று நினைத்து வீட்டார் படுக்க வைத்துவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது சர்க்கரை 52.

அவருக்கு அளவுகளை இடம் மாற்றினோம். பெரிய உணவு இப்போது நோன்பு திறக்கும்போதுதான். எனவே 30 யூனிட் அங்கே போனது. இரவு அளவான 20 யூனிட்டைப் பாதியாக்கி, சஹருக்கு 10 யூனிட் கொடுத்தோம். காலையில் உண்ட கிளிமிபிரைடு மாத்திரையையும் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றினோம். மெட்ஃபார்மின் இரு வேளையும் தொடர்ந்தது. அது தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. இவை அவருக்கான அளவுகள். உங்களுக்கானதை உங்கள் மருத்துவரிடம், முடிந்தால் ரமலானுக்கு ஆறு வாரம் முன்பே, கேட்டுப் பெறுங்கள்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. நோன்பு திறக்கும் முன் சர்க்கரை தாழ்ந்திருந்தால் சஹர் அளவு அதிகம் என்று பொருள். சஹருக்கு முன் ஏறியிருந்தால் இஃப்தார் அளவையும் உணவையும் பார்க்க வேண்டும். பகலில் 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ உடனே நோன்பை முடித்துவிடுங்கள். தாழ்ந்திருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். மஃரிபுக்கு இன்னும் அரை மணிதானே என்று பொறுத்திருப்பதுதான் எனக்கு மிகுந்த அச்சம் தருகிறது. நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

நீரிழப்பு இதற்கு நேர்மாறான வழியில் வரும். தாழ்ந்துவிடும் என்று பயந்து மருந்தையே நிறுத்துபவர்களுக்குச் சர்க்கரை ஏறி, சிறுநீராக நீர் வெளியேறும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளும் சிறுநீரை அதிகமாக்கும்; அவற்றை நோன்பு திறக்கும்போது எடுத்து, சஹர் வரை இடைவிட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் அடர்ந்த நிறமாகி, எழுந்து நின்றால் தலை சுற்றினால் அன்றைய நோன்பைத் தொடர வேண்டாம்.

பெருநாளன்று காலை பழைய அளவுக்குத் திரும்ப மறந்துவிடாதீர்கள். ரமலான் அளவான 30 யூனிட்டை அன்று இரவும் போட்டுக்கொண்டால், தூக்கத்தில் சர்க்கரை இறங்கும்.