பிளாட்டிபஸ் தெரியாமலே கிடைக்கும் மதிப்பெண்

பின்வருவனவற்றுள் பாலூட்டி எது? அ) வௌவால் ஆ) திமிங்கிலம் இ) பிளாட்டிபஸ் ஈ) மேற்கண்ட அனைத்தும்.

வௌவால் என்று படித்தவுடனேயே பலர் ‘அ’வைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். வௌவால் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்குதான், அதில் பிழையில்லை. ஆனாலும் மதிப்பெண் போய்விடும். பாடம் தெரிந்தவர் இப்படி இழப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ‘ஈ’ என்ற வரி அங்கே இருப்பதால் கேள்வியின் கணக்கே மாறிவிடுகிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அந்தக் கணக்கு இதுதான். நான்கில் ஒன்று மட்டுமே விடை என்பது தேர்வின் விதி. முதல் மூன்றில் சரியாக இரண்டு மட்டும் உண்மை என்றால் குறிக்க விடையே இருக்காது. மூன்றும் பொய் என்றாலும் அப்படித்தான். ஆகவே ஒன்று மட்டும் உண்மை, அல்லது மூன்றும் உண்மை. வேறு வழியில்லை. அதனால் இரண்டு தெரிவுகளைச் சோதித்தாலே போதும். இரண்டும் உண்மையானால் விடை ‘அனைத்தும்’. ஒன்று உண்மை, ஒன்று பொய் என்றால் அந்த உண்மையான தெரிவே விடை. இரண்டுமே பொய்யானால் மிஞ்சியிருக்கும் மூன்றாவது தெரிவு விடை.

வௌவாலும் திமிங்கிலமும் பாலூட்டிகள் என்று தெரிந்தவருக்கு வேலை முடிந்தது. முட்டையிடும் பிளாட்டிபஸ் பாலூட்டியா இல்லையா என்று அவர் குழம்ப வேண்டியதில்லை. அது முட்டையிட்டாலும் குஞ்சுக்குப் பால் சுரப்பதால் பாலூட்டி வகையில்தான் சேரும். இந்தக் கேள்வியில் கற்றுக்கொள்ளத் தக்க செய்தியே அதுதான், ஆனால் அது தெரியாதவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. கேள்வி தயாரிப்பவர்கள் ‘அனைத்தும்’ என்ற தெரிவைத் தவிர்க்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

ஒவ்வொரு தெரிவையும் சோதிக்கும்போது அதைக் கேள்வியோடு சேர்த்து முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். ‘திமிங்கிலம் ஒரு பாலூட்டி’ – ஆம். தனியாகப் பார்த்தால் உண்மையாகத் தோன்றும் ஒரு கூற்று, கேட்ட கேள்விக்கு விடையாகாமல் போகலாம். ‘எது தவறு?’ என்று கேட்டிருந்தால் இந்த முறை இன்னும் உதவும். இன்னொன்று: தெரிவுகளில் ‘அ மற்றும் ஆ’ என்றும் இருந்தால் மேலே சொன்ன குறுக்குவழி செல்லாது. அப்போது மூன்றாவதையும் பார்த்தே ஆக வேண்டும்.

‘எதுவுமில்லை’ என்ற தெரிவு இதற்கு நேர் எதிரானது.

பகா எண் எது? அ) 91 ஆ) 119 இ) 133 ஈ) மேற்கண்ட எதுவுமில்லை.

இங்கே ஒன்று உண்மை என்று உறுதியானால் அந்த நொடியே சோதனை முடிந்துவிடும். ஆனால் ‘எதுவுமில்லை’ என்று குறிக்க மூன்றையும் தள்ள வேண்டும், குறுக்குவழி கிடையாது. தள்ளுவதற்குக் கையில் காரணமும் வேண்டும். ‘119 பகா எண் போலத் தெரியவில்லை’ என்பது காரணம் ஆகாது. 119 = 7 × 17 என்பது காரணம். 91 = 7 × 13, 133 = 7 × 19. மூன்றும் விழுந்தன, விடை ‘ஈ’. 133-க்குப் பதில் 127 கொடுத்திருந்தால் 2, 3, 5, 7, 11 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தால் போதும், ஏனென்றால் அடுத்த பகா எண் 13-இன் வர்க்கமே 169 ஆகிவிடுகிறது. எதுவும் மீதியின்றி வகுக்காததால் 127 பகா எண்.

‘எனக்குத் தெரியவில்லை’ என்பதும் ‘இது தவறு’ என்பதும் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிடுவதுதான் இவ்வகைக் கேள்விகளில் நடக்கும் பெரிய பிழை. மூன்றும் பரிச்சயமில்லாமல் இருந்தால் கை தானாக ‘எதுவுமில்லை’ பக்கம் போகும். ஒவ்வொரு தெரிவின் அருகிலும் ஆம், இல்லை, சந்தேகம் என்று ஒரு சிறு குறி போடுங்கள். மூன்றிலும் ‘இல்லை’ விழாதவரை அந்த விடை நிரூபணமாகவில்லை.

கேள்வியே பழுதாக இருக்கும் இடமும் உண்டு. π-இன் மதிப்பு எது? அ) 3.14 ஆ) 22/7 இ) 3.1416 ஈ) எதுவுமில்லை. π ஒரு விகிதமுறா எண். எனவே முதல் மூன்றும் தோராயங்களே, கண்டிப்பாகப் பார்ப்பவர் ‘ஈ’ என்பார். ‘நெருக்கமானது எது’ என்று புரிந்துகொண்டவர் ‘இ’ என்பார், ஏனென்றால் மூன்றில் π-க்கு மிக அருகில் இருப்பது அதுதான். கேள்வியில் ‘துல்லியமான மதிப்பு’ என்றோ ‘நான்கு தசம இடங்களுக்குத் திருத்தமாக’ என்றோ ஒரு சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அந்தச் சொல் இருந்தால் அதுவே விடையைத் தீர்மானிக்கும். இல்லாவிட்டால் எழுதியபடியே எடுத்துக்கொண்டு ‘ஈ’யைக் குறிப்பதைத்தான் நான் சொல்வேன்.