தள்ளப்பட்ட மண் எங்கே போகிறது?

கட்டுமானப் பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் இரும்புத் தகட்டின்மேல் சுமையேற்றி மண்ணின் தாங்குதிறனை அளக்கும் பிளேட் லோடு டெஸ்ட்டை இரண்டு தளங்களில் பார்த்திருக்கிறார். ஒன்றில், ஓர் அளவுக்கு மேல் சுமை ஏறியதும் இரும்புத் தகட்டைச் சுற்றிய மண் வெடித்து மேலெழும்பியது. மற்றொன்றில் தகடு சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போனது, பக்கத்து மண்ணில் ஓர் அசைவும் இல்லை. இரண்டும் மணல்தானே, ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டிருக்கிறார்.

ஆழமற்ற அடித்தளத்தின் கீழ் மண் முறியும் விதத்தை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். மண் வெட்டுண்டு நழுவும் வழுக்குப் பரப்பு, சுமையை மண்ணில் இறக்கும் அடித்தளப் பலகையான ஃபுட்டிங்கின் விளிம்பில் தொடங்கி, பக்கவாட்டில் வளைந்து, தரைமட்டம் வரை வந்து சேர்ந்தால் அது பொது வெட்டு முறிவு. அந்தப் பரப்பு பாதி வழியிலேயே மண்ணுக்குள் மறைந்துவிட்டால் இடஞ்சார்ந்த வெட்டு முறிவு. அப்போது தரை இலேசாகப் புடைக்கும், ஆனால் பிளவாது. பக்கவாட்டுப் பரப்பே உருவாகாமல், விளிம்பை ஒட்டி மண் செங்குத்தாக அறுபட்டு, ஃபுட்டிங் கீழ்நோக்கிக் குத்திக்கொண்டு இறங்கினால் அது குத்து வெட்டு முறிவு. பாடநூல்கள் முதலாவதை நெருக்கமான மணலுக்கும் கடைசியை மிகத் தளர்ந்த மணலுக்கும் உரியதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஃபுட்டிங்கின் அடியில் ஓர் ஆப்பு வடிவ மண்கட்டி அதனோடு ஒட்டிக்கொண்டு ஒரே பொருளாகக் கீழிறங்குகிறது. ஆப்பு இறங்க வேண்டுமானால் அதன் இருபுறமும் உள்ள மண் விலகி இடம் கொடுக்க வேண்டும். விலகிய மண்ணுக்கு இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, அது தனக்கு அப்பால் உள்ள மண்ணை அமுக்கி, துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களை நெருக்கி, அங்கேயே அடங்கிவிடலாம். அப்பால் உள்ள மண் அமுங்க மறுத்தால், எஞ்சும் ஒரே திசை மேல்நோக்கியதுதான். தனக்கு மேலே கிடக்கும் மண் முழுவதையும் தூக்கிக்கொண்டு அது தரைக்கு வெளியே வர வேண்டும். ஆகவே எந்த முறிவு நிகழும் என்பதை மண்ணின் வலிமை மட்டும் தீர்மானிப்பதில்லை. வலிமை முழுவதும் திரள்வதற்கு முன் மண் எவ்வளவு அமுங்கிக் கொடுக்கிறது என்பதே, அதாவது வலிமையோடு ஒப்பிட்ட விறைப்பே, தீர்மானிக்கிறது.

1943இல் மண் பொறியியலாளர் டெர்சாகி முதல் இரண்டு வகைகளையும் பிரித்துக் காட்டி, இடஞ்சார்ந்த முறிவுக்கு ஓர் எளிய வழி சொன்னார்: ஒட்டுவிசையையும் உராய்வுக் கோணத்தின் டேஞ்சன்ட்டையும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக் கணக்கிட வேண்டும். நம் இந்தியத் தரநிலை IS 6403 இன்றும் இதையே பின்பற்றுகிறது. மணல் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் ஒப்படர்த்தி 70 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் பொது முறிவு, 20 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் இடஞ்சார்ந்த அல்லது குத்து முறிவு, நடுவில் இருந்தால் இடைமதிப்பு. பின்னர் வெசிச் என்ற பொறியாளர் விறைப்பையே நேரடியாகக் கணக்கில் கொண்டுவந்தார். அவருடைய விறைப்புச் சுட்டெண் இது:

Ir = G / (c + q tan φ)

மேலே உள்ள G, மண்ணின் வெட்டு விறைப்பு; கீழே உள்ளது அதன் வெட்டு வலிமை. c ஒட்டுவிசை, φ உராய்வுக் கோணம். q என்பது அடித்தளத்தின் அடியிலிருந்து அதன் அகலத்தில் பாதி ஆழத்தில் உள்ள மண் அழுத்தம். இந்தச் சுட்டெண் ஒரு மாறுநிலை மதிப்புக்கு மேலிருந்தால் பொது முறிவு. கீழே இறங்கினால் தாங்குதிறனைக் குறைத்தாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். தரைக்கு 1 மீட்டர் கீழே 1.5 மீட்டர் சதுர ஃபுட்டிங். மண் தளர்ந்த மணல். உராய்வுக் கோணம் 30 பாகை, ஒட்டுவிசை இல்லை, கன மீட்டருக்கு 16 கிலோநியூட்டன் எடை, G சுமார் 1,900 கிலோபாஸ்கல். 1.75 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 28 கிலோபாஸ்கல். அங்கே மண்ணின் வெட்டு வலிமை சுமார் 16 கிலோபாஸ்கல். வகுத்தால் சுட்டெண் ஏறக்குறைய 117. இந்தக் கோணத்தில் சதுர ஃபுட்டிங்குக்கு மாறுநிலை மதிப்பு சுமார் 70 என்பதால் பொது முறிவுதான் என்று தோன்றும். ஆனால் தளர்ந்த மணல் வெட்டும்போது கன அளவிலும் சுருங்கும். அதற்காகச் சுட்டெண்ணையும் கனச் சுருக்கத்தையும் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, வரும் மதிப்பால் சுட்டெண்ணை வகுக்க வேண்டும். சுருக்கம் வெறும் 1 விழுக்காடு என்றாலே சுட்டெண் 54க்கு வந்துவிடுகிறது, தாங்குதிறன் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. 3 விழுக்காடு என்றால் சுட்டெண் 26. தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. உராய்வுக் கோணம் மாறவே இல்லை.

இதன் மறுபக்கத்தைக் களிமண்ணில் பார்க்கலாம். நீர் நிரம்பிய களிமண்ணை வேகமாகச் சுமையேற்றினால் நீர் வெளியேற நேரம் கிடைக்காது. கன அளவு மாறாது. உராய்வுக் கோணத்தைச் சுழியமாகக் கொள்ளும் அந்நிலையில் மாறுநிலை மதிப்பு சதுர ஃபுட்டிங்குக்கு 9 அளவுதான், களிமண்ணின் சுட்டெண்ணோ பெரும்பாலும் அதைப் போலப் பல மடங்கு. ஆகவே மென்மையான களிமண்கூட வேகமாகச் சுமையேறும்போது பொது முறிவில் போகும். அதே களிமண்ணில் மிக மெதுவாகச் சுமை ஏறினால், நீர் கசிந்து மண் அமுங்குவதால், குத்து முறிவு நேரலாம்.

கனடாவில் வின்னிபெக் அருகே டிரான்ஸ்கோனா என்ற இடத்தில் இருந்த தானியக் களஞ்சியம், வேகமாகச் சுமையேறும் களிமண் பொது முறிவில் போகும் என்பதற்குச் சான்று. பழைய பனிப்பாறை ஏரியின் களிமண்மீது, 23.5 மீட்டருக்கு 59.5 மீட்டர் அளவுள்ள ஒற்றைக் கான்கிரீட் பலகையில் அது நின்றது. 1913 செப்டம்பரில் தானியம் நிரப்பத் தொடங்கினார்கள். அக்டோபர் 18 அன்று, தரைமீதான அழுத்தம் 300 கிலோபாஸ்கல் அளவை எட்டியபோது, ஒரு மணி நேரத்துக்குள் கட்டடம் ஏறக்குறைய ஓர் அடி இறங்கியது. பின்னர் மேற்குப் பக்கமாகச் சாயத் தொடங்கி, ஒரு நாளுக்குள் 27 பாகை அளவுக்குச் சரிந்து நின்றது. சுற்றிலும் தரை புடைத்து எழுந்தது. தள்ளப்பட்ட களிமண்ணுக்கு அமுங்க வழியில்லை, மேலே வந்தது. பிற்காலத்தில் துளையிட்டு எடுத்த மாதிரிகளின் வலிமையைக் கொண்டு கணக்கிட்டபோது கிடைத்த தாங்குதிறனும் உண்மையில் முறிந்த அழுத்தமும் நெருங்கி ஒத்தன. கட்டடத்தை நிமிர்த்திப் பாறைவரை தாங்குதூண்கள் இறக்கி மீண்டும் பயன்படுத்தினார்கள்.

பொது முறிவு திடீரென்று வரும் என்பதால் அதுவே ஆபத்தானது என்று கருதுவது சரியல்ல. பொது முறிவில், அகலத்தில் 4 முதல் 10 விழுக்காடு இறங்கும்போதே சுமை–இறக்க வரைகோட்டில் உச்சம் தெளிவாகத் தெரியும். மற்ற இரண்டிலும் இறக்கம் 15 முதல் 25 விழுக்காட்டைத் தொடும்வரை உச்சம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. நம் ஃபுட்டிங்குக்கு அது குறைந்தது 22 சென்டிமீட்டர். அதற்கு வெகு முன்பே சுவர்கள் பிளந்துவிடும். அத்தகைய மண்ணில் தாங்குதிறனைவிட அனுமதிக்கத்தக்க இறக்கமே வடிவமைப்பை ஆள்கிறது. மனை பூசைக்கும் வாஸ்துக்கும் மனமுவந்து செலவிடும் குடும்பங்கள் மண்ணைச் சோதிக்கும் இரண்டு போர் துளைகளுக்குச் செலவிடத் தயங்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வாசகருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் பார்த்த தகடு 30 சென்டிமீட்டர் அகலமாக இருந்தால், குழி தகட்டைப்போல ஐந்து மடங்கு அகலமாக வெட்டப்பட்டிருக்கும்; மேலிருந்த மண்ணின் சுமை அங்கே இல்லை. தகட்டின் அடியில் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் அழுத்தம் 2.4 கிலோபாஸ்கல்தான். அதே இடத்தில் வரப்போகும் நம் ஃபுட்டிங்குக்கு அது 28. மணலின் விறைப்பு ஏறத்தாழ அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே ஏறுகிறது, வலிமையோ அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. ஆகவே தகட்டின் சுட்டெண் ஃபுட்டிங்கினுடையதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கும். தகட்டைச் சுற்றி மண் வெடித்து எழும்பிய தளத்திலேயே, மணல் நடுத்தர நெருக்கத்தில் இருந்தால், முழு அளவு ஃபுட்டிங் இடஞ்சார்ந்த முறிவில் இறங்கக்கூடும். எனவே அந்த முதல் தளத்தின் சோதனை முடிவோடு, அங்கே போர் துளையில் மண்ணின் நெருக்கத்தை அறிய எடுத்த எஸ்.பி.டி. எண்களையும் வெற்றிட விகிதத்தையும் அவர் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.