'மூளைக்காய்ச்சல்' என்று மொழிபெயர்க்காதீர்கள்

தோட்டங்களில் நடக்கும் சுகாதாரக் கூட்டங்களில் டொக்டர் 'மெனிஞ்சைட்டிஸ்' என்று சொல்லி முடிப்பதற்குள், பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் 'மூளைக்காய்ச்சல்' என்று சொல்லிவிடுகிறார். துண்டுப்பிரசுரங்களிலும் அதே சொல்தான். இதை இனியும் சும்மா விடக்கூடாது.

'மெனிங்ஸ்' என்றால் கிரேக்கத்தில் சவ்வு. 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி. மூளையையும் முண்ணாணையும் சுற்றியிருக்கும் மூன்று உறைகளில் வரும் அழற்சி என்பதுதான் பொருள். ஆகவே 'மூளையுறை அழற்சி'. சிலர் 'மூளைச்சவ்வு வீக்கம்' என்கிறார்கள். சவ்வு சரி, வீக்கம் போதாது. அழல் என்றால் நெருப்பு. அழற்சி என்றதும் சூடு, சிவப்பு, வலி, வீக்கம் எல்லாமே சேர்ந்து வருகின்றன.

மூளைக்காய்ச்சல் என்ற சொல் ஏற்கனவே வேறொரு நோய்க்குப் போய்விட்டது. வயலோரத்து நுளம்பு பரப்பும் வைரசால் மூளையே அழற்சி அடையும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அது. அதற்கான ஊசி பிள்ளையின் அட்டையில் பதிந்திருக்கும். அதே பெயரை இதற்கும் வைத்தால், "எங்கள் பிள்ளைக்கு அந்த ஊசி போட்டாச்சே" என்று தாய் நிம்மதியாக இருந்துவிடுவாள். அந்த ஊசி பற்றீரியாவைத் தடுக்காது. மூளையுறை அழற்சியை உண்டாக்கும் பற்றீரியாக்களில் ஒன்றான 'ஹிப்'புக்கு எதிரான மருந்து ஐங்கூட்டுத் தடுப்பூசியில் இருக்கிறது. மற்றப் பற்றீரியாக்களான நியுமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ் இரண்டையும் அதுவும் தடுக்காது.

அதைவிட மோசம், 'காய்ச்சல்' என்று கேட்டதும் கை பனடோலைத் தேடும். ஏ.எல். படிக்கும் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். காலையில் நல்ல காய்ச்சல், தலையிடி. பற்றீரியாவைக் கண்டதும் உடல் சுரக்கும் பொருட்கள் மூளையிலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தின் அளவை ஏற்றிவிட்டன. பனடோல் அந்த அளவை இறக்கும், பையனும் கொஞ்சம் தூங்குவான். உறைகளுக்கிடையே பற்றீரியா பெருகுவது மட்டும் நிற்காது. அங்குள்ள திரவத்தில் சாதாரணமாக வெள்ளணுக்களும் பிறபொருளெதிரிகளும் மிகக் குறைவு, எதிர்த்து நிற்க ஆளில்லை.

மத்தியானம் வாந்தி. லயத்துக் கதவைத் திறந்தால், "சாத்துங்கம்மா, வெளிச்சம் குத்துது" என்கிறான். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கண்ணுக்கு உணர்ச்சி கொடுக்கும் ஐந்தாம் மண்டை நரம்புதான் மூளையுறைக்கும் கிளை அனுப்புகிறது. உறை அழன்றிருக்கும்போது அந்தப் பாதை முழுவதும் கூர்மையடைந்துவிடுவதால், வெளிச்சம் பட்டாலே வலி கூடுகிறது.

பின்னேரம் கழுத்து. தலையைப் பக்கவாட்டில் ஓரளவு திருப்புகிறான், நாடியை நெஞ்சில் வைக்கத்தான் முடியவில்லை. உறை முதுகெலும்புக்குள்ளும் இறங்குகிறது அல்லவா? குனியும்போது அது இழுபடும். அந்த வலியைத் தடுக்கப் பிடரித் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. சளிக்காய்ச்சலில் வரும் உடம்புவலியில் குனிந்தால் நோகும், ஆனால் பெரும்பாலும் நாடி நெஞ்சைத் தொடும். கைக்குழந்தையிடம் இந்த இறுக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். பால் குடிக்காது, கீச்சென்று அழும், சோர்ந்து கிடக்கும், உச்சிக்குழி புடைத்திருக்கலாம். பெரியவர்களிலும் காய்ச்சல், வெளிச்சக் கூச்சம், கழுத்து இறுக்கம் மூன்றும் சேர்ந்து வராமல் போகலாம். கழுத்து இலகுவாக இருக்கிறது என்பதற்காக நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

இதற்குள் மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. எலும்பு விரிந்துகொடுக்காது. மூளை வீங்க வீங்க இரத்தம் உள்ளே போவது குறைகிறது, சில குழாய்கள் அடைபடுகின்றன, உட்காதும் பழுதாகலாம். உயிர் தப்பியும் செவி போனவர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பற்றீரியா மூளையுறை அழற்சி வந்த ஆறு பேரில் ஒருவர் இறக்கிறார்.

அதனால்தான் வைத்தியசாலைக்கு வந்த ஒரு மணித்தியாலத்துக்குள் இரத்த நாளம் வழியாக நுண்ணுயிர்க்கொல்லி ஏற்ற வேண்டும் என்கிறார்கள். முதுகில் ஊசி குத்தித் திரவம் எடுத்துப் பார்ப்பதுதான் நோயை உறுதிசெய்யும் வழி. அது தாமதமானால் இரத்த மாதிரியை எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். நகரத்தில் இருப்பவருக்கு அந்த மணித்தியாலம் வைத்தியசாலை வாசலில் தொடங்குகிறது. மேல்கணக்கு லயத்தில் இருப்பவருக்கு அதற்கு முன்னால் மலைப்பாதை, மழை, வாகனம் தேடுவது எல்லாம் இருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

துண்டுப்பிரசுரம் எழுதுகிறவர்கள் இதை மனதில் வைத்து எழுத வேண்டும். தலைப்பில் 'மூளையுறை அழற்சி' என்று போடுங்கள். கீழே, 'காய்ச்சலோடு கழுத்து மடங்கவில்லை, வெளிச்சம் பார்க்க முடியவில்லை, மயக்கம், அல்லது தோலில் கண்ணாடிக் குவளையை வைத்து அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள்: உடனே 1990க்கு அழையுங்கள்' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். கறுத்த தோலில் அந்தப் புள்ளிகளை உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் ஆகிய இடங்களில் தேட வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.